படச்சுவரில் ஒரு சன்னல்

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையோர வீடொன்றின் பூசப்படாத 9 அங்குலச் செங்கல் சுவரைப் படமெடுத்து, அதில் இல்லாத சன்னலைக் கணினியில் சேர்க்கும்போது, பொய்யைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சுவரின் தடிமன் தெரியாமற்போவதே ஆகும். 3 அங்குல நிலைச்சட்டம் சுவரின் நடுவில் பதிந்தால், அதன் முன்னே 3 அங்குல உட்பக்கம் தெரிய வேண்டும். கேமரா இடப்புறம் நின்றால் வலப்பக்கமும், 5 அடி உயரத்தில் நின்றால் 3 அடியிலுள்ள அடித்திண்டின் மேற்பரப்பும், 7 அடியிலுள்ள லிண்டலின், அதாவது திறப்புக்கு மேலுள்ள செங்கற்சுமையைத் தாங்கும் கான்கிரீட் விட்டத்தின், அடிப்பரப்பும் தெரியும். அவ்விட்டம் இருபுறமும் ஏறத்தாழ 6 அங்குலம் சுவருக்குள் நீளாமல் திறப்பின் அகலத்தோடு நின்றால், எந்தக் கொத்தனாரும் அதை ஏற்கமாட்டார். கடலை நோக்கிய சுவரில் காலை வெயில் 45 பாகைச் சாய்வில் நேராக விழுமாயின், லிண்டலின் நிழலும் சட்டத்தின்மீது 3 அங்குலமே இறங்கும்.