பத்து நாள் இடைவெளி

சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளின் முன்பதிவு அறிவிப்புகளில் இரண்டு வகை உண்டு. 'மே 12 அன்று பழம் உங்கள் வீட்டில்' என்பது ஒன்று. 'மே 15 முதல் 25க்குள் பறிப்பு, பறித்த மறுநாள் அனுப்புவோம்' என்பது மற்றொன்று. முதலாவது வாடிக்கையாளருக்குப் பிடிக்கும். நான் பணம் கட்டுவதென்றால் இரண்டாவதற்குத்தான் கட்டுவேன்.

காரணம் மரத்திலேயே இருக்கிறது. மாமரம் ஒரே நாளில் பூப்பதில்லை. ஒரு கிளை முந்தும், இன்னொன்று சில வாரம் பிந்தும். பூத்ததிலிருந்து காய் முற்ற ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். ஜனவரி நடுவில் பூத்த இமாம் பசந்து மே நடுவில் முற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் கூடினால் முந்தும், கோடை மழை வந்தால் பறிப்பே தள்ளிப்போகும். தோப்புக்காரர் நாள்காட்டியைப் பார்த்துப் பறிக்க முடியாது, காயைத்தான் பார்க்க வேண்டும். காம்பின் இருபுறமும் தோள் உப்பியிருக்கிறதா, தண்ணீரில் போட்டால் மூழ்குகிறதா என்று பார்ப்பார். முற்றாத காய் மிதக்கும். அதனால் ஒரே மரத்தில் இரண்டு மூன்று முறை பறிப்பார்கள். பத்து நாள் இடைவெளி அப்படி வருவது. அது சோம்பேறித்தனம் அல்ல.

தேதி கொடுத்துவிட்டவர் அந்த நாளில் காய் முற்றாவிட்டால் என்ன செய்வார்? இளங்காயைப் பறிப்பார். அது நிறம் மாறினாலும் தோல் சுருங்கும், உள்ளே புளிப்பு மாறாது. அவசரத்துக்குக் கார்பைடு கல் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை வரம்புக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. ஆனால் முற்றாத காய்க்கு அதனாலும் ருசி வராது.

'கல்யாணத்துக்கு வேண்டும், தேதி தெரியாமல் எப்படி?' என்பது நியாயமான கேள்வி. முற்றிய காய் பறித்தபின் வைக்கோலில் பழுக்க ஐந்தாறு நாளாவது ஆகும், அனுப்பும் நாட்களும் அதற்குள் அடக்கம். மே 25 அன்று பறித்தது மே கடைசியில்தான் வாய்க்கு வரும். அதனால் விசேஷம் ஜூன் முதல் வாரத்தில் என்றால் இந்தப் பதிவு பொருந்தும். மே 20 என்றால் பொருந்தாது. அப்போது முன்னதாக முற்றும் வேறு ரகம் கேட்பதே சரி. முன்பணத்தைப் பற்றிய பயமும் நியாயமே. காற்றில் காய் உதிர்ந்தால் பணம் திரும்புமா, அடுத்த பறிப்புக்கு மாறுமா என்பதை அறிவிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாத தோப்பை நான் நம்பமாட்டேன், இடைவெளி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும்.

பெட்டி வந்ததும் காய் கல் மாதிரி இருக்கிறதென்று புகார் சொல்பவர்கள் நிறைய. அது குறையல்ல. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் கெடும். காற்றோட்டமான இடத்தில் பரப்பி வையுங்கள். அடுத்த முறை பதிவு செய்யும்போது பழம் எப்போது வரும் என்று கேட்காமல், காய் எப்போது பறிப்பீர்கள் என்று கேளுங்கள்.