ஸ்லைடில் கோடு கிழித்துக் கொடுக்காதீர்கள்!

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுத்துப் படியுங்கள்.

பெரம்பலூரில் இருக்கும் என் தங்கை பேரன் ட்ராம்போன் கற்றுக்கொள்கிறான். போன ஞாயிறு அரியலூர் வந்தபோது வாத்தியத்தையும் கொண்டுவந்தான். ஸ்லைடின் உள்குழாயில் மார்க்கர் பேனாவால் ஏழு கோடுகள். கூடவே ஓர் அட்டை: ஒன்றாம் பொசிஷனுக்கு எதிரே ஸ, ப, மேல் ஸ, க, மேல் ப என்று வரிசையாக. "தாத்தா, கை ஒரே இடத்துல இருக்கு, அஞ்சு சுரம் போட்டிருக்கு. எது வரும்?" என்றான். மாஸ்டரிடமும் கேட்டானாம். "மனப்பாடம் பண்ணு" என்று பதில் வந்ததாம்.

இதற்குத்தான் கோபம். பிள்ளை கேட்டது சரியான கேள்வி.

இளவயதில் நானும் பேண்டு செட்டில் இதை ஊதியவன். ஏலாக்குறிச்சி மாதா தேருக்குப் பின்னால் நடந்துகொண்டே வாசித்திருக்கிறேன். எனக்கும் முதலில் யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளியில் என்.சி.சி. பையன் பியூகிள் ஊதியதைப் பார்த்துத்தான் விளங்கியது. பியூகிளில் ஸ்லைடும் இல்லை, பொத்தானும் இல்லை. உதட்டை இறுக்கினால் சுரம் தாவுகிறது. ஒரு குழாய்க்குள் இருக்கும் காற்று ஓர் அடிப்படை ஒலியின் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வுகளில்தான் எளிதாக நிற்கும். 2 என்பதை ஸ என்று வைத்தால் 3 ப, 4 மேல் ஸ, 5 அதற்கு மேலுள்ள க, 6 மேல் ப. அட்டையில் இருந்த ஐந்து சுரங்களும் இவைதான். எந்தப் படி என்பதை உதடு முடிவு செய்கிறது. கைக்கு அதில் வேலையில்லை.

அப்படியானால் ஸ்லைடு எதற்கு? ஸவுக்கும் பவுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப. பவை ஊதிக்கொண்டே ஸ்லைடை நீட்டுங்கள். இரண்டில் பிரதி மத்யமம், மூன்றில் சுத்த மத்யமம், நான்கில் அந்தர காந்தாரம், ஐந்தில் சாதாரண காந்தாரம், ஆறில் சதுஸ்ருதி ரிஷபம், ஏழில் சுத்த ரிஷபம். அடுத்தது ஸ. அதற்கு ஸ்லைடை உள்ளே தள்ளி, உதட்டை ஒரு படி தளர்த்தினால் போதும். ஏழு பொசிஷன் ஏன் என்பதற்கு இதுவே பதில். எட்டாவது தேவைப்படவே இல்லை.

இனி அந்தக் கோடுகளுக்கு வருகிறேன். ஏழையும் ஸ்கேல் வைத்துச் சம இடைவெளியில் போட்டிருந்தார்கள். சாதாரண ட்ராம்போனின் குழாய் சுமார் ஒன்பது அடி. அரைச்சுரம் இறங்க அப்போதிருக்கும் நீளத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் கூட வேண்டும். குழாய் நீள நீள அந்த 6 சதவீதமும் பெரிதாகும். முதல் நகர்வு 8 செ.மீ. என்றால் கடைசி நகர்வு பத்தரைக்கு மேல் போகும். சமமாகப் போட்ட கோடு ஏழாவதுக்குள் கணிசமாகத் தவறிவிடும்.

"சரி சார், கணக்குப் போட்டே கோடு கிழிக்கிறோம்" என்பீர்கள். அதுவும் உதவாது. குழாயின் 7-ஆவது மடங்கு நம் கைசிகி நிஷாதத்தை விடக் குறைவாகவே ஒலிக்கும், கேட்டவுடன் தெரியும் அளவுக்கு. ஒன்றாம் பொசிஷனில் ஸ்லைடு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது, இன்னும் எங்கே தள்ளுவது? ஆகவே அந்த நிஷாதத்தை மூன்றாம் பொசிஷனில் 8-ஆவது மடங்காக எடுக்க வேண்டும். அதே 7-ஆவது மடங்கை இரண்டாம் பொசிஷனில் தைவதமாக வாசிக்கலாம், ஆனால் கோட்டிலிருந்து சுமார் இரண்டரை செ.மீ. உள்ளே இழுத்து. அதே இரண்டாம் பொசிஷனில் பிரதி மத்யமத்துக்கோ கோட்டிலேயே நிற்க வேண்டும். ஒரே பொசிஷன், இரண்டு இடம்! எந்த மார்க்கரால் இதைக் குறிப்பீர்கள்?

க விஷயத்தில் பையன் திட்டே வாங்கியிருக்கிறான். கீபோர்டு வைத்துப் பார்த்து "சுரம் இறங்குது" என்றார்களாம். 5-ஆவது மடங்கு கீபோர்டு காந்தாரத்தை விடச் சற்று இறங்கித்தான் இருக்கும். தம்பூராவைக் கவனித்துக் கேட்டால் தானே எழும்பும் காந்தாரமும் அதுவே. கீபோர்டோடு சேர வேண்டுமென்றால், ஆரம்பத்திலிருந்தே ஒன்றாம் பொசிஷனை ஒரு செ.மீ. திறந்து வைத்து அதற்கேற்பச் சுருதி சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இந்தச் சுரத்துக்கு மட்டும் உள்ளே தள்ள இடம் இருக்கும். இல்லையென்றால் நான்காம் பொசிஷனில் 6-ஆவது மடங்காக அதே காந்தாரம் கிடைக்கும். பையனைத் திட்டியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் சுருதிப் பெட்டியை ஓடவிட்டு, பவை நீளமாக ஊதச் சொன்னேன். சற்றுத் தவறினால் 'வவ் வவ்' என்று ஒலி அலையும். இடம் நெருங்க நெருங்க அலை மெதுவாகும், சேர்ந்தவுடன் நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஆறாம் பொசிஷனிலும் அதே பவைக் கண்டுபிடித்தான், மேல் ஸவிலிருந்து இறங்கி. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கோடுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டேன். மாஸ்டர் கேட்டால் என் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.