பாஸ்டனிலிருந்து வந்த ஐஸ்

சென்னை மெரினா கடற்கரை எதிரே வட்ட வடிவில் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை, வயதானவர்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் சொல்வார்கள். 1842-ல் அது நிஜமாகவே ஐஸ் வைக்கக் கட்டப்பட்டது. ஐஸ் வந்ததோ அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து!

அனுப்பியவர் ஃபிரடெரிக் டியூடர். குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளிலிருந்து பாளம் பாளமாக ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றுவார். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதன்முதலாக அனுப்பியபோது பெரும் நஷ்டம். ஐஸ் தீவு வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே இறக்கி வைக்க ஐஸ் வீடு இல்லாததால் உருகிப்போனது. பிறகு கடனுக்காகச் சிறைக்கும் போனார்.

அந்த அடியில் அவர் கற்ற பாடம், ஐஸைக் கொண்டு வந்தால் மட்டும் போதாது, வெப்பத்தை உள்ளே விடாமல் காக்கவும் வேண்டும் என்பது.

அதற்கு அவர் கையாண்ட வழிகள் மிக எளியவை. முதலில், பாளங்களை ஒரே அளவில் சதுரமாக வெட்டி இடைவெளியின்றி அடுக்கினார்கள். ஓரடிச் சதுரப் பாளங்கள் எட்டு தனித்தனியே கிடந்தால், 48 சதுர அடிப் பரப்பில் வெப்பம் தாக்கும். அதே எட்டையும் ஒன்றாக அடுக்கினால் 24 சதுர அடிதான். குவியல் பெரிதாக ஆக, உருகுவது குறையும்.

அடுத்தது, மரத்தூள். மரம் அறுக்கும் ஆலைகளில் குப்பையாகக் குவிந்த தூளைச் சுற்றிலும் கொட்டினார்கள். தூளுக்கு இடையே சிக்கிக்கொண்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கும். தூள் நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். வெப்பம் சுலபமாக உள்ளே வரும். அதனால் உருகிய நீர் உடனே வெளியேற வேண்டும். ஐஸ் வீட்டில் வடிகால் அடைத்துக்கொண்டால் சரக்கு போச்சு!

1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பல் இப்படித்தான் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதப் பயணம். வழியில் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்தும், சுமார் 100 டன் மிச்சமிருந்தது.

அடுத்த ஆண்டே, 1834-ல், ஜேக்கப் பெர்கின்ஸ் லண்டனில் குளிரூட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். அந்த ஆவியை அழுத்தி மீண்டும் திரவமாக்கினால், உறிஞ்சிய வெப்பம் வெளியேறும். நம் வீட்டு ஃப்ரிட்ஜும் இப்படித்தான் இயங்குகிறது. இயந்திர ஐஸ் பரவியதும் டியூடர் தொடங்கிய வியாபாரம் படுத்தது.

ஆனால் அவருடைய பாடம் மாறவில்லை. ஒரு பத்து ரூபாய் நோட்டை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெப்பம் உள்ளே போக, மோட்டார் ஓயாமல் ஓடும். கரன்ட் பில்லும் ஏறும்!