வரி இலக்கம் வேறு, வரி வேறு

டின் இலக்கம் எடுத்தால் வரி கட்ட நேரிடும் என்ற பயம், மத்திய கிழக்கில் உழைத்துவிட்டுக் கல்முனைக் கரையோர ஊர்களுக்குத் திரும்பிய பலரிடம் உண்டு. அந்தப் பயத்தால்தான் காசு வீணாகப் போகிறது என்பது எமது கருத்து.

ஒரு சகோதரரின் கணக்கைப் பார்ப்போம். போரில் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் அவருடையது. வயற்காணி கைக்கு வராததால் வளைகுடாவுக்குப் போனார். திரும்பியதும் 20 இலட்சம் ரூபாவை வங்கியில் நிலையான வைப்பிலிட்டார். ஆண்டுக்கு 8 வீத வட்டி என்றால் 1,60,000 ரூபா வரவேண்டும். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 வீதத்தை வங்கி வரியாகப் பிடிப்பதால், ஆண்டுக்கு 16,000 ரூபா குறைகிறது.

இறைவரி அலுவலகக் கருமபீடத்தில் அவர் முதலில் கேட்டது, "இருபது இலட்சத்துக்கும் வரியா?" என்பதுதான். லிகிதர் அவசரப்படவில்லை. "காக்கா, இருபது இலட்சம் உங்கள் முதல். அது வருமானம் அல்ல. அதற்கு வரும் வட்டிதான் வருமானம். வேறு என்ன வருமானம் உண்டு?" என்று கேட்டு, கடை வாடகை, குத்தகை நெல் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிக் காட்டினார். மொத்தம் ஐந்து இலட்சத்தையும் தொடவில்லை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் வரை வரி இல்லை.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலில் டின் இலக்கம் பெறவேண்டும். அது ஒன்பது இலக்கங்கள் கொண்டது. பழைய அடையாள அட்டை இலக்கத்தை அதற்குப் பதிலாக எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு, அது செல்லாது. பெயரின் ஆங்கில எழுத்துக்கள் கடவுச்சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒன்றாக உள்ளனவா என்றும் அந்த லிகிதர் ஒப்பிட்டுப் பார்த்தார். அடுத்து, ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்ற சுயபிரகடனத்தை டின் இலக்கத்துடன் வங்கிக்குக் கொடுக்கவேண்டும். இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டுக்கும் கொடுக்கவேண்டும். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அந்த மாதத்தில் இதை மறக்கக்கூடாது.

பிரகடனம் கொடுத்ததும் முன்பு பிடித்த காசு தானாகத் திரும்பாது. அதற்கு வங்கியிடம் பிடித்தல் சான்றிதழ் வாங்கி, வருமான விபரத்திரட்டுச் சமர்ப்பித்து மீளக் கோரவேண்டும். ஆகவே சான்றிதழைக் கவனமாக வைத்திருங்கள். வருமானம் உண்மையில் எல்லையைத் தாண்டுபவர் பிரகடனம் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லவேண்டும்.

வரி கட்டத் தேவையில்லாதவரிடம் முதலில் பிடித்துவிட்டு, 'வந்து கேள்' என்பது ஏழைக்குப் பாரமான ஏற்பாடு. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் அவனுக்கே நட்டம். வைப்பு ஏற்கும் நாளிலேயே வங்கிகள் இப்படிவத்தைத் தமிழில் நீட்டி விளக்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம். அந்த லிகிதர் கேட்ட ஒரு கேள்வியை வங்கியிலேயே கேட்டிருந்தால், அவர் கருமபீடம்வரை அலைந்திருக்கத் தேவையில்லை.