ரெக்கார்டு நோட்டில் ரீடிங் வேண்டாம், போட்டோ ஒட்டுவோம்!

வள்ளூர் பக்கம் வர்றவங்களுக்கு முதல்ல கண்ணுல படுறது அனல்மின் நிலையத்தோட புகைபோக்கிதான். 500 மெகாவாட் யூனிட் மூணு, மொத்தம் 1500 மெகாவாட். இந்த மாதிரி நிலையத்துல பாய்லர்ல இருந்து டர்பைனுக்கு நீராவி கொண்டு போற குழாய் சுமார் 540 டிகிரி சூட்டுல இருக்கும். அவ்வளவு சூட்டுல குழாய் நீளும், மேலேயும் கீழேயும் நகரும். அதை இறுக்கிக் கட்டி வைக்க முடியாது. அதனால பல இடங்கள்ல ஸ்பிரிங் ஹேங்கர்ல தொங்க விட்டிருப்பாங்க.

அந்த ஹேங்கரை ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்க. ஒரு உருளைக்குள்ள ஸ்பிரிங், பக்கத்துல ஒரு அளவுத்தகடு, அதுல நகரும் ஒரு குறிமுள். குழாய் குளிர்ந்திருக்கும்போது முள் எங்கே நிக்கணும், சூடா இருக்கும்போது எங்கே நிக்கணும்னு தகட்டிலேயே குறி போட்டிருக்கும். பரிசோதனைக்குப் போறவங்க ரெண்டு நிலையிலயும் முள்ளை அளவோட சேர்த்துப் போட்டோ எடுப்பாங்க. ஸ்பிரிங்கோட விறைப்பு ஒரு மி.மீ.க்கு 40 நியூட்டன், முள் 20 மி.மீ. நகர்ந்திருக்குன்னா, சுமை 800 நியூட்டன் மாறியிருக்குன்னு அர்த்தம். சூடான நிலையில சுமை 4000 நியூட்டன்னா, இது 20 சதவீத மாற்றம். வழக்கமா வைக்கிற வரம்பு 25 சதவீதம். அதாவது, ஒரு ஸ்பிரிங், ஒரு ஸ்கேல், ரெண்டு போட்டோ. குழாய் பத்திரமா தொங்குதான்னு இதை வச்சு முடிவு பண்றாங்க.

இப்போ நம்ம லேபுக்கு வாங்க. அதே ஸ்பிரிங், அதே ஸ்கேல். ஆனா நாம என்ன பண்றோம்? ரெண்டு ரீடிங் எடுத்துட்டு, மீதி நாலை 'பொருத்தமா' எழுதிட்டு, ஒவ்வொரு வரியிலும் F/x போட்டு, கடைசியில சராசரி எடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடறோம். பொய் சொல்லல, நானும் பண்ணியிருக்கேன். என் கருத்து ரெண்டே ரெண்டு: ஒன்று, இந்தப் பரிசோதனைக்கு ரீடிங் அட்டவணையோட போட்டோவும் கட்டாயம் ஆகணும். ரெண்டு, அந்த F/x சராசரிக் கட்டத்தை ரெக்கார்டுல இருந்தே தூக்கணும். ஏன்னு சொல்றேன்.

போன செமஸ்டர் லீவுல வீட்டிலேயே செஞ்சு பார்த்தேன். மீஞ்சூர்ல ஒரு பழைய இரும்புக் கடையில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமா இருக்கிற இழுவை ஸ்பிரிங் ஒண்ணு கிடைச்சுது. எடைக்கு எங்க தெரு மளிகைக் கடை அண்ணாச்சிகிட்ட எடைக்கல் கேட்டேன். "தம்பி, நாளைக் காலைல கடை திறக்கிறதுக்குள்ள கொண்டாந்துரணும்"னு சொல்லிக் குடுத்தார். 50, 100, 200 கிராம் கல்லுங்க, முத்திரை போட்டது. ஜன்னல் கம்பியில ஸ்பிரிங்கை மாட்டி, கீழே ஒரு கேரி பேக் கட்டி, ஸ்பிரிங் அடியில ஒரு குண்டூசியைக் குறிமுள்ளா ஒட்டினேன். பின்னாடி 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், நூல்குண்டு பார்த்து நேரா நிறுத்தினது. போனை ஸ்டூல் மேல அசையாம வச்சு, ஆட்டம் நின்ன பிறகு டைமர்ல கிளிக்.

போட்டோவை லேப்டாப்ல பெருசாக்கி, ஊசிமுனை எந்த ரெண்டு மி.மீ. கோட்டுக்கு நடுவுல இருக்குன்னு பார்த்து அரை மி.மீ. வரை படிச்சேன். முனைக்குப் பக்கத்துல இருக்கிற கோடுகளை மட்டும் வச்சுப் படிக்கணும். அப்போ லென்ஸ் ஓரத்துல வளைச்சுக் காட்டினாலும் பாதிப்பு ரொம்பக் குறைவு. கிடைச்சது இது:

வெறும் பை: 112 மி.மீ.
50 கிராம்: 112
100 கிராம்: 128
150 கிராம்: 148.5
200 கிராம்: 168
250 கிராம்: 187.5
300 கிராம்: 208
350 கிராம்: 228
எல்லாத்தையும் எடுத்த பிறகு: 112

ரெண்டாவது வரியைப் பாருங்க. 50 கிராம் போட்டும் முள் அசையவே இல்ல! லேப்ல இது வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியும். 'தப்பா பார்த்துட்டோம்'னு அழிச்சுட்டு 120ன்னு எழுதியிருப்பேன். ஆனா போட்டோ இருக்கே! ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, முள் ஒரே கோட்டுலதான் நிக்குது. அழிக்க வழியில்ல, யோசிக்கத்தான் வழி.

யோசிச்சா காரணம் எளிது. இந்த மாதிரி ஸ்பிரிங்கைச் சுத்தும்போதே சுற்றுகள் ஒன்றை ஒன்று அழுத்தற மாதிரி முறுக்கிச் சுத்தறாங்க. அந்த அழுத்தத்தைத் தாண்டுற வரைக்கும் ஸ்பிரிங் திறக்காது. இதை இனிஷியல் டென்ஷன்னு சொல்வாங்க. தாண்டின பிறகு ஒவ்வொரு 50 கிராமுக்கும் ஏறக்குறைய 20 மி.மீ. ஒழுங்கா நீளுது.

இப்போ ரெக்கார்டு முறைப்படி F/x போடுவோம். சென்னையில g சுமார் 9.78. 100 கிராமுக்கு 0.978 நியூட்டன், நீட்சி 16 மி.மீ., விடை மீட்டருக்கு 61 நியூட்டன். 200 கிராமுக்கு 35. 350 கிராமுக்கு 29.5. ஆறு விடையையும் சேர்த்துச் சராசரி எடுத்தா 38. ஒரே ஸ்பிரிங்குக்கு 61ல ஆரம்பிச்சு 29.5 வரைக்கும் இறங்கிட்டே வர்ற விடை! ரீடிங்ல சாதாரணப் பிழைன்னா மேலும் கீழும் தாறுமாறா இருக்கணும். இப்படி ஒரே திசையில இறங்கினா, நாம பூஜ்யத்தைத் தப்பா எடுத்திருக்கோம்னு அர்த்தம். சராசரி எடுக்கும்போது அந்தத் தடயம் மறைஞ்சுபோகுது.

கிராப் போடுவோம். 100 முதல் 350 கிராம் வரை ஆறு புள்ளியும் ஒரு நேர்கோட்டுல அரை மி.மீ.க்குள்ள உட்காருது. சாய்வு ஒவ்வொரு 50 கிராமுக்கும் 19.94 மி.மீ. ஆக விறைப்பு 0.489 ÷ 0.01994 = மீட்டருக்கு 24.5 நியூட்டன். சராசரி முறை சொன்ன 38 எங்கே, இந்த 24.5 எங்கே! அதே கோட்டைப் பின்னாடி நீட்டினா, 112 மி.மீ.ஐத் தொடுற இடம் சுமார் 60 கிராம். அதாவது, ஸ்பிரிங் திறக்கப் பையோட எடைக்கு மேல இன்னும் 0.58 நியூட்டன் வேணும். 50 கிராம் ஏன் அசைக்கலன்னு அந்த ஒரு கோடே சொல்லிடுது. இன்னொரு லாபமும் உண்டு: பை எத்தனை கிராம்னு நான் அளக்கவே இல்ல, ஆனா சாய்வுக்கு அது தேவையும் இல்ல. எல்லா ரீடிங்லயும் ஒரே பை தொங்குது, கோடு பக்கவாட்டில் நகருமே தவிரச் சாயாது.

இதுவரைக்கும் போட்டோவைப் புகழ்ந்தாச்சு. அது நம்மை ஏமாத்துற இடத்தையும் சொல்லணும். முதல் தடவை போனை அரை மீட்டர் தூரத்துல வச்சுதான் எடுத்தேன். புள்ளிகள் அதைவிட நேர்த்தியா கோட்டுல உட்கார்ந்துச்சு. சாய்வு 20.24 மி.மீ., விறைப்பு 24.2. மேலே குடுத்திருக்கிற அட்டவணை, ரெண்டு மீட்டர் தள்ளி வச்சு ஜூம் பண்ணி எடுத்தது. ஸ்பிரிங் அதே, கல்லும் அதே. விடை மட்டும் எப்படி மாறுச்சு?

இடமாறு தோற்றப் பிழை. ஊசிமுனை ஸ்கேலுக்கு 10 மி.மீ. முன்னாடி இருந்துச்சு. கேமரா ஒரே உயரத்துல நிக்கும்போது, முள் அதோட உயரத்துல இருந்து எவ்வளவு விலகுதோ அதுக்கு ஏத்த விகிதத்துல ஸ்கேல்ல கூடுதலா விலகித் தெரியும். 500 மி.மீ. தூரத்துக்கு 10 மி.மீ. இடைவெளின்னா 2 சதவீதம். 2000 மி.மீ.க்கு அரை சதவீதம். இந்தப் பிழை எல்லா நீட்சியையும் ஒரே விகிதத்துல பெருசாக்கிக் காட்டுது. அதனால கோடு கோணலாகாது, புள்ளி சிதறாது. நேரான, அழகான, தப்பான கோடு! கிராப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தூரத்தை மாத்தி ரெண்டு தடவை எடுத்தாத்தான் மாட்டும். அந்த அரை சதவீதத்தையும் கழிச்சா என் ஸ்பிரிங்கோட விறைப்பு 24.6. புள்ளிகளோட சிதறலை மட்டும் பார்த்தா என் பிழை 0.1தான். ஆனா போனை வச்ச இடம் மட்டுமே 0.3, 0.4ன்னு விடையை இழுத்திருக்கு. ஊசியை ஸ்கேலோட உரசாம ஒட்டினாப்புல வச்சிருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது.

"கண்ணால படிக்கப் பழகணும்டா, போட்டோ எடுத்தா பசங்க சோம்பேறி ஆயிடுவாங்க"ன்னு என் நண்பன் சண்டைக்கு வந்தான். அவன் சொல்றதுல நியாயம் இருக்கு. முள்ளுக்கு நேரா கண்ணை இறக்கி வச்சுப் பார்த்தா இந்த 2 சதவீதப் பிழை வராது. ஒவ்வொரு ரீடிங்குக்கும் கண் கூடவே இறங்குது, ஸ்டூல் மேல நிக்கிற போன் இறங்காது. அதனால கண்ணால படிச்சதையும் எழுதுவோம், போட்டோவையும் ஒட்டுவோம். ரெண்டும் ஒத்துப்போகலன்னா அதுதான் வைவாவுக்கு நல்ல கேள்வி. ஆனா கண்ணால படிச்ச எண்ணை நாளைக்கு யாரும் மறுபடி படிக்க முடியாது. போட்டோவை முடியும், சரிபார்க்க முடியும், என் தப்பைக் கண்டுபிடிக்க முடியும். என்னோட 2 சதவீதத்தை நானே கண்டுபிடிச்சது பழைய போட்டோ போன்ல கிடந்ததாலதான்.

லேப்ல மாத்த வேண்டியது கொஞ்சம்தான். எட்டு போட்டோ ஒரே தாள்ல, ஒவ்வொண்ணுக்கும் கீழே எடை. கேமரா தூரமும் ஊசிக்கும் ஸ்கேலுக்கும் உள்ள இடைவெளியும் ஒரு வரியில. F/x கட்டத்துக்குப் பதிலா சாய்வும், கோடு தொடுற இடமும். கடைசியா எடையெல்லாம் எடுத்த பிறகு ஒரு போட்டோ. அது பழைய இடத்துக்கே திரும்பலன்னா ஸ்பிரிங்கை நாம அளவுக்கு மீறி இழுத்துட்டோம்னு அர்த்தம், ரீடிங் மொத்தமும் போச்சு.

நம்மில் சிலர் நாளைக்கு இந்தப் பக்கத்து நிலையங்களிலேயே ஹேங்கர் தகட்டைப் போட்டோ எடுக்கிற வேலைக்குப் போவோம். அங்கே முள் எதிர்பார்த்த இடத்துல நிக்கலன்னா, 'பொருத்தமா' ஒரு எண்ணை எழுதிட்டு இறங்கி வர முடியாது. 50 கிராமுக்கு அசையாத முள்ளை அப்படியே எழுதிப் பழக நமக்கு இப்போதைக்கு இருக்கிற இடம் இந்த லேப்தான்.

கல்லை மறுநாள் காலையில அண்ணாச்சிகிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். "எல்லாம் சரியா இருந்துச்சா தம்பி?"ன்னு கேட்டார். "கல்லு சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி, நான் போன் வச்ச இடம்தான் தப்பு"ன்னேன்.