ஒரு வரையறைக்கு உள்ளே யார், வெளியே யார்?

சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் இணையத்தள ஊழியர் சட்டம் நடப்பில் உள்ளது. வேலையில் காயமடைந்தால், இந்த ஊழியர்களுக்கு மற்ற நிறுவன ஊழியர்களுக்கு உள்ள அதே அளவு இழப்பீடு உண்டு. ஆகவே ‘இணையத்தள ஊழியர்’ என்றால் யார் என்பது வெறும் சொல் விளக்கம் அன்று. மழையில் வழுக்கி விழுந்தவருக்கு மருத்துவச் செலவு கிடைக்குமா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

நாமே ஒரு வரையறை எழுதிப் பார்ப்போம். “செயலி வழியாகச் சம்பாதிப்பவர்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பழைய பாடநூல்களைச் செயலியில் விற்கும் மாணவரும் இதற்குள் வந்துவிடுகிறார். வரக்கூடாத ஒருவர் உள்ளே வந்தால் அந்த வரையறை மிக விரிந்தது.

சரி, சுருக்குவோம். “உணவு விநியோகிப்பவர்.” இப்போது செயலி வழி பயணிகளை ஏற்றிச் செல்லும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் வெளியே நிற்கிறார். வரவேண்டியவர் விடுபட்டால் அது மிகக் குறுகியது. இதில் இன்னொன்றையும் நான் கவனிக்கிறேன். உணவகத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு உணவு கொண்டு செல்பவர் உள்ளே வந்துவிட்டார். அவர் ஏற்கெனவே அந்த உணவகத்தின் ஊழியர். ஒரே வரையறை ஒரு பக்கம் விரிந்தும் மறுபக்கம் குறுகியும் இருக்கலாம். சொற்களைக் குறைத்தால் மட்டும் அது சரியாகிவிடாது.

மூன்றாவது முயற்சி: “இணையத்தள நிறுவனத்துக்காக வேலை செய்பவர்.” அது எந்த நிறுவனம்? “இணையத்தள ஊழியர்களை வைத்து நடத்தப்படும் நிறுவனம்.” தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டோம். இது சுற்று வரையறை. யாரையும் தவறாகச் சேர்க்காது, விடாது; ஏனெனில் அது எதையுமே சொல்லவில்லை.

சட்டம் இந்தச் சுற்றை எப்படி உடைக்கிறது? வெளியிலிருந்து சோதித்துப் பார்க்கக்கூடிய அடையாளங்களைக் கேட்கிறது. செய்யும் சேவை வாடகைப் பயணமா, விநியோகமா? நிறுவனத்துடன் உடன்பாடு உள்ளதா? பணம் கிடைக்கிறதா? அந்த வேலை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் நடக்கிறதா? பழைய நூல் விற்கும் மாணவர் இங்கே நின்றுவிடுகிறார். கார் ஓட்டுநர் உள்ளே வருகிறார்.

ஆனால் செயலி வழி வேலை பெறும் துப்புரவாளரும் துணைப்பாட ஆசிரியரும் வெளியேதான் இருக்கிறார்கள். இது குறுகிய வரையறையா? எல்லாச் செயலி வேலைகளையும் விளக்குவதே நோக்கம் என்றால், ஆம். சாலை ஆபத்தை அன்றாடம் சந்திப்பவர்களுக்கு முதலில் பாதுகாப்புத் தருவதே நோக்கம் என்றால், இல்லை என வாதிடலாம். எனவே, ஒரு வரையறையைக் குறை சொல்லுமுன் அது எதற்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். பிறகு தவறாக உள்ளே வந்த ஒருவரையும், தவறாக வெளியே நிற்கும் ஒருவரையும் தேடுங்கள்.