கேள்வி நேரமா, நன்றியுரைக்கு முன் ஒரு சடங்கா?

பாடசாலைக்கு வளவாளர் ஒருவர் வந்து பேசி முடித்ததும், "யாராவது கேள்வி கேட்க விரும்புகிறீர்களா?" என்று கேட்பது வழக்கம். உடனே மண்டபம் அமைதியாகிவிடும். பின்வரிசையில் இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிறகு மாணவத் தலைவி ஒருத்தி, முதல் நாளே துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்வியோடு எழும்புவாள். "இன்றைய மாணவர்களுக்கு நீங்கள் கூறும் அறிவுரை என்ன, சேர்?" நன்றாகப் படியுங்கள், பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அவரும் சொல்வார். கைதட்டல், நன்றியுரை, சிற்றுண்டி. எல்லாம் முடிந்துவிடும்.

அந்தக் கேள்வியில் தவறான சொல் எதுவும் இல்லை. ஆனால் அதைப் பேச்சு தொடங்கும் முன்பே கேட்டிருக்கலாம். அதே பதில்தான் வந்திருக்கும். பேச்சைக் கேட்டதால் பிறந்த கேள்விதான் பேச்சாளரை உரையாடலுக்குள் இழுக்கும் என்பது என் கருத்து. அப்படியொரு கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் டெங்கு பற்றிப் பேச வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டெங்கு நுளம்பு சுத்தமான தேங்கிய நீரை நாடி வரும், முட்டையிலிருந்து முழு நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும், ஆகவே வாரம் ஒருமுறையாவது பூச்சாடித் தட்டு, பீப்பாய், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் உள்ள நீரை ஊற்றிவிடுங்கள் என்கிறார். சற்று நேரம் கழித்து வேறோர் இடத்தில், இந்த நுளம்பின் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும் என்கிறார்.

குறிப்பெடுக்கும் மாணவிகள் இரண்டையும் எழுதிக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடுகிறாள். நீரை ஊற்றினால் பாத்திரம் காயும். காய்ந்தாலும் முட்டை சாகாது என்றால் ஊற்றியதால் என்ன பயன்? அவளுடைய கேள்வி அங்கே பிறந்துவிட்டது. பேச்சாளர் சொன்ன இரண்டு விடயங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததுபோல் தெரியும் இடம், அல்லது அவர் சொன்னதும் நம் வீட்டில் நாம் காண்பதும் வேறுபடும் இடம். பேச்சு நடக்கும்போது கொப்பியின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டியவை இவைதாம்.

அடுத்தது, அதை எப்படிக் கேட்பது என்பது. இரண்டு வாக்கியங்கள் போதும். "சேர், வாரம் ஒருமுறை நீரை ஊற்றச் சொன்னீர்கள், காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் இருக்கும் என்றும் சொன்னீர்கள். அப்படியென்றால் ஊற்றிய பிறகு பாத்திரத்தை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?" முதல் வாக்கியம் பேச்சின் எந்த இடத்தில் நாம் நிற்கிறோம் என்பதை அவருக்குக் காட்டுகிறது. இரண்டாவது, ஒரே ஒரு விடயத்தைக் கேட்கிறது. இதோடு மருந்து, தடுப்பூசி என்று இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தால், அவர் இலகுவான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவார். "நீங்கள் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினீர்கள்" என்று கேட்டாலோ, அவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளவே பேசுவார். நமக்கு விளக்கம் கிடைக்காது.

இப்போது அவரது பதிலைக் கவனியுங்கள். நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது, ஆகவே ஊற்றினால் மட்டும் போதாது, தூரிகையால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறார். பேச்சில் வராத ஒரு விடயம் மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கிடைத்துவிட்டது.

வழக்கமாக இங்கே "நன்றி சேர்" என்று உட்கார்ந்துவிடுவோம். உரையாடல் தொடங்குவதே இதற்கு அடுத்த கேள்வியில்தான். "எங்கள் பகுதியில் குழாய் நீர் எல்லா நாளும் வராது. பீப்பாயில் சேமித்த நீரை ஊற்ற முடியாதே சேர்?" என்று அவள் கேட்கிறாள். அவர் உடனே பதில் சொல்லாமல், "எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? பீப்பாய்க்கு மூடி இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிறார். மூடி இல்லையென்றால் வாயை நெருக்கமான துணியால் இறுகக் கட்டுங்கள், நீர் குறையும்போது வெளியே தெரியும் சுவரைத் தேய்த்துவிடுங்கள் என்று அந்த வீட்டுக்கேற்ற பதிலைச் சொல்கிறார். பேச்சாளர் நம்மிடம் திருப்பிக் கேட்டால் நம் கேள்வி சரியான இடத்தில் பட்டுவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். இந்த இரண்டாவது கேள்வியை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. முதல் பதிலைக் காதுகொடுத்துக் கேட்டவளுக்கே அது கிடைக்கும்.

"பெண் பிள்ளை சபையில் எழுந்து கேட்பதா?" என்று தயங்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு கேட்டதையும், அவர்கள் ஒதுக்கித் தந்ததையும் புகாரி கிரந்தம் அறிவிக்கிறது. அந்தச் சபையில், மூன்று பிள்ளைகளை இழந்த தாய்க்கு அவர்கள் நரகத்தை விட்டும் திரையாவார்கள் என்று நபியவர்கள் கூறியபோது, ஒரு பெண்மணி இரண்டு பிள்ளைகளை இழந்தவளின் நிலை என்ன என்று கேட்டார். இரண்டு பிள்ளைகளும் அவ்வாறே என்று பதில் வந்தது. கேட்டது மிகச் சிறிய கேள்வி. சொல்லப்பட்டதோடு ஒட்டியே எழுந்தது. அதனால் எத்தனையோ தாய்மாருக்கு ஆறுதல் கிடைத்தது.

எல்லாக் கேள்வியும் மண்டபத்துக்கு உரியதல்ல. தன் உடல்நலம், குடும்ப விடயம் என்றால் பேச்சு முடிந்தபின் ஆசிரியை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கேட்பதே நல்லது. பேச்சாளர் பின்னர் அதே விடயத்தை முகநூலில் பதிவிட்டால், அங்கே எல்லோரும் காணக் கேட்கலாம். அறிமுகமில்லாத ஒருவரின் உள்பெட்டிக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதைவிடப் பெற்றோருக்கும் அது நிம்மதி. அங்கும் அவருடைய எந்த வரியைப் பற்றிக் கேட்கிறோம் என்று சுட்டி, ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். பதில் வந்ததும் அதை வீட்டில் செய்துபார்த்தோமா, என்ன நடந்தது என்று திரும்பி வந்து எழுத வேண்டும். அதை வாசித்த பின் அவருக்கும் நம்மிடம் கேட்க ஏதாவது இருக்கும்.

ஆசிரியர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, துண்டுக் கடதாசிகளை நிறுத்துங்கள். யாரும் கேட்காவிட்டால் விருந்தினருக்கு அவமரியாதையாகிவிடும் என்ற அச்சத்தால்தான் அவை எழுதப்படுகின்றன என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டாவது, பேச்சு முடிந்ததும் ஒலிவாங்கியை நீட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் மௌனமாக விடுங்கள். குறித்துவைத்ததைத் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவளிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்து, அந்த இரண்டு வாக்கியங்களை நாங்கள் எழுதிக்கொள்வோம். நன்றியுரை இரண்டு நிமிடம் பிந்தினால் விருந்தினர் கோபிக்க மாட்டார். தம் பேச்சை யாரோ உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியோடு அவர் வீடு திரும்பக்கூடும்.